கறுப்பு எப்போது சார்ஜை மிச்சப்படுத்தும்?

2018 நவம்பரில், ஆண்ட்ராய்டு ஆப் எழுதுபவர்களுக்காகக் கூகுள் நடத்திய மாநாட்டில் ஒரு சின்ன ஒப்பீட்டைக் காட்டினார்கள். ஒரு பக்கம் 2016-இல் வந்த கூகுள் பிக்சல் போன். இன்னொரு பக்கம் அதே ஆண்டு வந்த ஐபோன் 7. இரண்டிலும் கூகுள் மேப்ஸ் திறந்திருந்தது, இரண்டிலும் திரை வெளிச்சம் முழு அளவில் இருந்தது. மேப் வழக்கமான வெளிர் நிறத்தில் இருந்தபோது பிக்சல் 250 மில்லியாம்பியர் இழுத்தது, ஐபோன் 230 இழுத்தது. பிறகு மேப்பை இரவுத் தோற்றத்துக்கு மாற்றினார்கள். பிக்சல் 92-க்கு இறங்கிவிட்டது. ஐபோன் 230-லேயே நின்றது.

டார்க் மோடு போட்டால் சார்ஜ் நிற்கும் என்று ஒருவர் சொல்வதும், போட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை என்று இன்னொருவர் சொல்வதும் வீட்டுக்கு வீடு நடக்கிற வாதம். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். யார் கையில் எந்தத் திரை இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஐபோன் 7-இல் இருந்தது எல்சிடி திரை. இந்தத் திரையில் நாம் பார்க்கும் எழுத்தோ படமோ தானாக ஒளி தருவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால், திரையின் ஓரமாக, வெள்ளை எல்இடிகள் ஒரு வரிசையாக எரிகின்றன. அவற்றின் ஒளியை ஒரு பிளாஸ்டிக் தகடு திரை முழுக்கச் சமமாகப் பரப்புகிறது. இதைத்தான் பேக்லைட் என்கிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் திரவப் படிக அடுக்கு, ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளியை வெளியே விடுவது என்று முடிவு செய்கிறது. வெள்ளை வேண்டுமென்றால் முழுக்க விடும், கறுப்பு வேண்டுமென்றால் தடுக்கும். அறைக்குள் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருக்கும்போது ஜன்னலைச் சாத்தினால் தெருவில் நிற்பவருக்கு இருட்டாகத் தெரியும், மீட்டர் என்னவோ ஓடிக்கொண்டேதான் இருக்கும். எல்சிடி காட்டும் கறுப்பு அந்த வகை. திரை முழுக்கக் கறுப்பாக இருந்தாலும் பின்னால் விளக்கு அதே அளவில் எரிகிறது, எரிந்த ஒளி உள்ளேயே வீணாகிறது.

சொல்லப்போனால் எல்சிடி வெள்ளையைக் காட்டும்போதுகூட உள்ளே எரியும் ஒளியில் பெரும்பகுதி நம் கண்ணுக்கு வருவதில்லை. ஒளியை ஒரே திசையில் அதிரவைக்கும் போலரைசர் படலம் ஏறக்குறையப் பாதியை விழுங்கிவிடும். மீதியில், நிறம் பிரிக்கும் வடிகட்டிகள் மூன்றில் ஒரு பங்கைத்தான் விடும். அதற்குள்ளேயே ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. புள்ளிகளுக்கு இடையே ஓடும் கம்பிகள் மறைப்பது இதற்கு மேல் தனி இழப்பு. இந்தத் திரைகளில் பேக்லைட் ஏன் இவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதற்குக் காரணம் இதுதான். அதைக் குறைக்க வேண்டுமானால் பேக்லைட்டைத்தான் குறைக்க வேண்டும். திரையில் என்ன நிறம் இருக்கிறது என்பதற்கும் அதற்கும் அநேகமாகச் சம்பந்தமில்லை. சில எல்சிடி போன்கள் படம் முழுக்க இருட்டாக இருப்பதைக் கண்டு தாமாகவே பேக்லைட்டைக் கொஞ்சம் தணிக்கும். அதில் கிடைக்கும் மிச்சம் சிறியது.

பிக்சலில் இருந்தது ஓஎல்இடி வகைத் திரை. கடைகளில் அமோலெட் என்ற பெயரில் விற்பதும் இதே இனம்தான். இதில் பேக்லைட் என்று ஒன்றே கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் பொருளால் ஒவ்வொரு புள்ளியும் செய்யப்பட்டிருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனிச் சிறு விளக்குகள். வெள்ளை எழுத்து என்றால் மூன்றும் எரிகின்றன. கறுப்பு என்றால் அந்த இடத்தில் எதுவும் எரிவதில்லை, அந்தப் புள்ளிக்கு மின்சாரமே போவதில்லை. திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அதன் வழியே வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். சொட்டு பூதக்கண்ணாடி போல வேலை செய்யும், வெள்ளை என்று நினைத்த இடம் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பிரிந்து தெரியும். அந்த மூன்றில் நீலம்தான் அதிகச் செலவாளி. அதே அளவு வெளிச்சம் தர அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். பளிச்சென்ற வெள்ளைப் பக்கம் ஓஎல்இடிக்குச் சுமையாவதில் நீலத்துக்கு நல்ல பங்கு உண்டு.

ஆக, அந்த மாநாட்டின் கணக்கை இப்போது விரித்துப் பார்க்கலாம். முதல் பிக்சலின் பேட்டரி 2770 மில்லியாம்பியர்-மணி. வெள்ளை மேப்பை முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் 250 போகும், அதாவது பேட்டரியில் 9 சதவீதம். இரவுத் தோற்றத்தில் 92 போகும், 3 சதவீதத்துக்குச் சற்று மேல். மணிக்கு ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம். நெடுந்தூரப் பயணத்தில் இது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்தான். ஆப்களை வெள்ளையாக வடிவமைக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் ஊக்குவித்ததும் தாங்கள்தான் என்று அதே மேடையில் கூகுள்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, 2019 செப்டம்பரில், ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 13-உம் வந்தபோது போனின் முழுத் தோற்றத்தையும் ஒரே பொத்தானில் இருட்டாக்கும் வசதி இரண்டு பக்கமும் வந்துவிட்டது.

உங்கள் போனில் எந்தத் திரை என்று தெரிந்துகொள்ள விவரக் குறிப்பைப் பார்ப்பது ஒரு வழி. IPS LCD, PLS LCD, TFT என்று இருந்தால் எல்சிடி. AMOLED, OLED, P-OLED என்று இருந்தால் மற்றது. ஐபோனில் Liquid Retina, Retina HD என்ற பெயர்கள் எல்சிடியைக் குறிக்கும், Super Retina என்று தொடங்குபவை ஓஎல்இடி. 2017-இல் வந்த ஐபோன் X-தான் ஆப்பிளின் முதல் ஓஎல்இடி போன். அதற்குப் பிறகும் XR, 11, SE ஆகியவை எல்சிடியோடுதான் வந்தன. 12-இல் எல்லா மாடல்களும் மாறிவிட்டன. ஆண்ட்ராய்டில் விலையை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ரெட்மி நோட் 9 எல்சிடி, அடுத்து வந்த நோட் 10 அமோலெட். சாம்சங் A14 எல்சிடி, A15 அமோலெட். பெயரில் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம், ஆனால் உள்ளே இருப்பது வேறு இயந்திரம்.

பெயரை நம்பாமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. இணையத்தில் தூய கறுப்புப் படம் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். கேமராவைக் கையால் மூடி எடுத்த படம் வேண்டாம், அது முழுக் கறுப்பாக இருக்காது. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அந்தப் படத்தைத் திரை முழுக்க விரித்து, வெளிச்சத்தை முழு அளவுக்கு ஏற்றுங்கள். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். எல்சிடி என்றால் திரை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒளிரும். ஓரங்களில் ஒளி கொஞ்சம் அதிகமாகக் கசிவதும் தெரியும், திரையை நோக்கி நீட்டிய விரல்கூட அந்த ஒளியில் தெரியலாம். ஓஎல்இடி என்றால் போன் எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. போன் அணைந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் வந்தால் டார்க் மோடால் உங்களுக்குப் பலன் உண்டு.

மாற்றும் வழி எளிது. ஆண்ட்ராய்டில் Settings போய் Display-க்குள் Dark theme அல்லது Dark mode. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஐபோனில் Settings, Display & Brightness, Dark. இரண்டிலும் பொழுது சாய்ந்ததும் தானாக மாறும்படி வைக்கலாம். ஆனால் இதோடு முழுப் போனும் மாறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மெனுக்களும் நோட்டிபிகேஷன்களும் உடனே மாறும். ஒவ்வொரு ஆப்பும் போன் சொல்வதைக் கேட்கிறதா என்பது தனிக் கேள்வி. வாட்ஸ்அப்பில் Settings, Chats, Theme என்று போனால் System default என்று இருக்க வேண்டும். அங்கே Light என்று எப்போதோ வைத்திருந்தால் போன் கறுத்தாலும் வாட்ஸ்அப் வெள்ளையாகவே நிற்கும். யூடியூப், மேப்ஸ் போன்றவற்றுக்கும் அவற்றின் அமைப்புகளுக்குள்ளேயே இதே தேர்வு இருக்கிறது. நாள் முழுக்க எந்த ஆப்பைத் திறந்து வைத்திருக்கிறோமோ அதை மாற்றாமல் மெனுவை மட்டும் மாற்றினால் கணக்கில் ஒன்றும் ஏறாது.

சில ஆப்களில் டார்க் மோடே கிடையாது. ஆண்ட்ராய்டின் Developer options-க்குள் Override force-dark என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் அந்த ஆப்களையும் போன் வலுக்கட்டாயமாக இருட்டாக்கும். இதை எல்லோருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆப் எழுதியவர் நினைத்தே பார்க்காத ஒரு தோற்றம் அது. பின்னணி இல்லாமல் கறுப்புக் கோடுகளால் மட்டும் வரைந்த லோகோவோ கையெழுத்தோ இருட்டுக்குள் காணாமல் போகும். தட்டச்சுப் பெட்டியில் நாம் அடிப்பது நமக்கே தெரியாமல் போவதும் உண்டு. பணம் அனுப்பும் ஆப்பில் தொகை தெரியாமல் பொத்தானை அழுத்துவதைவிட அந்த ஆப் வெள்ளையாகவே இருப்பது நல்லது.

டார்க் மோடைப் பற்றிய பேச்சில் தவறாமல் வருவது தூய கறுப்பு. சாம்பல் கலந்த கறுப்பு வேண்டாம், புள்ளிகள் அணைவது தூய கறுப்பில் மட்டும்தான், அதில்தான் சார்ஜ் மிச்சம் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் முதல் பாதி சரி. திரையில் எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களால் சொல்கிறோம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால்தான் தூய கறுப்பு, `#000000`. அப்போதுதான் புள்ளி முழுக்க அணைகிறது. கூகுள் தன் டார்க் தோற்றத்துக்கு ஆப் எழுதுபவர்களிடம் சொன்ன நிறம் அதுவல்ல, `#121212`. அதில் மூன்று எண்களும் 18. புள்ளிகள் அணையவில்லை, லேசாக எரிகின்றன. ஆப்பிளோ தூய கறுப்பையே அடித்தளமாக வைத்துக்கொண்டது.

அப்படியானால் கூகுள் சொன்ன நிறத்தால் சார்ஜ் வீணாகிறதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 255-இல் 18 என்பது 7 சதவீதம். ஆனால் புள்ளி தரும் ஒளி 7 சதவீதம் அல்ல. திரைகள் இந்த எண்ணை அப்படியே ஒளியாக மாற்றுவதில்லை. எண்ணின் பங்கை ஏறக்குறைய 2.2 மடியாக உயர்த்தித்தான் ஒளியாக்குகின்றன. நம் கண் இருட்டில் சின்ன வித்தியாசங்களைக்கூடப் பிரித்துப் பார்க்கும், வெளிச்சத்தில் அப்படிப் பார்க்காது. அதனால் எண்களில் பெரும்பகுதியை இருண்ட சாயல்களுக்கு ஒதுக்கச் செய்த ஏற்பாடு இது.

```
(18 / 255) ^ 2.2  ≈ 0.003
(128 / 255) ^ 2.2 ≈ 0.22
```

ஆக `#121212` பின்னணி தருவது முழு வெள்ளையின் ஒளியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. எண்ணில் நடுவில் நிற்கும் சாம்பல்கூட வெள்ளையில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். வெள்ளையை விட்டு அடர்சாம்பலுக்கு வந்தவுடனேயே கிடைக்க வேண்டிய மிச்சம் முழுக்கக் கிடைத்துவிடுகிறது. அடர்சாம்பலிலிருந்து தூய கறுப்புக்குப் போவதில் மீதி இருப்பது அந்த ஆயிரத்தில் மூன்று மட்டும். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தாலும் அதை இயக்கும் மின்சுற்று, தொடுவதை உணரும் அடுக்கு, பிராசஸர், நெட்வொர்க் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் செலவுக்கு முன்னால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

தூய கறுப்புக்கு ஒரு விலையும் உண்டு. முழுக்க அணைந்த புள்ளி மறுபடி எரிய, ஏற்கெனவே லேசாக எரிந்துகொண்டிருக்கும் புள்ளியைவிடச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். கறுப்புப் பின்னணியில் ஒரு பட்டியலை வேகமாகத் தள்ளிப் பாருங்கள், முக்கியமாக வெளிச்சம் குறைவாக இருக்கும்போது. எழுத்துகளுக்கும் படங்களுக்கும் பின்னால் ஊதா நிறத்தில் ஒரு தீற்றல் இழுபட்டுப் போவது பல ஓஎல்இடி போன்களில் தெரியும். திரை கெட்டுவிட்டது என்று சிலர் சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். அது பழுது அல்ல, அந்த வகைத் திரையின் இயல்பு. பின்னணி அடர்சாம்பலாக இருந்தால் அநேகமாக மறைந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் அட்டைகளின் நிழலும் தூய கறுப்பில் தெரியாது. கூகுள் சாம்பலைத் தேர்ந்ததற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. தூய கறுப்பு பார்க்க அழகு என்று நினைப்பவர்கள் தாராளமாக அதையே வைத்துக்கொள்ளலாம். சார்ஜுக்காக என்றால் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சார்ஜைத் தீர்மானிப்பதில் நிறத்தைவிடப் பெரிய கை வெளிச்சத்துக்குத்தான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சார்லி ஹூ தலைமையிலான குழு 2021-இல் இதை அளந்தது. ஓஎல்இடி போன்களில் மேப்ஸ், யூடியூப், நியூஸ், கால்குலேட்டர், காலண்டர், போன் என்ற ஆறு ஆப்களை இரண்டு தோற்றத்திலும் ஓட்டிப் பார்த்தார்கள். வெளிச்சம் முழு அளவில் இருக்கும்போது டார்க் மோடு சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சப்படுத்தியது. வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது கிடைத்தது 3 முதல் 9 சதவீதம்தான். வீட்டுக்குள் தானியங்கி வெளிச்சத்தில் போன் பெரும்பாலும் நிற்பது இந்த இரண்டாவது நிலையில்தான். வெளிச்சக் கோட்டைப் பாதியில் வைத்தால் திரை பாதி ஒளி தருகிறது என்று நினைக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு 9 முதல் அந்தக் கோடு கண்ணின் உணர்வுக்கு ஏற்றபடி வகுக்கப்பட்டிருக்கிறது. கோடு பாதியில் நிற்கும்போது உண்மையான ஒளி பாதிக்கும் வெகு கீழே இருக்கும். அங்கே திரையின் செலவே சிறியது, அதில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் தொகை சிறியதுதான்.

அதே ஆய்வில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பிக்சல் 5-இல் கூகுள் நியூஸை வெள்ளைத் தோற்றத்தில் 20 சதவீத வெளிச்சத்தில் வைத்தபோதும், டார்க் தோற்றத்தில் 50 சதவீத வெளிச்சத்தில் வைத்தபோதும் செலவு ஒன்றாகவே இருந்தது. கறுப்பில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று வெளிச்சத்தை ஏற்றிக்கொள்பவர்கள் நிறையப் பேர். கண்ணுக்கு அது வசதியாக இருந்தால் ஏற்றிக்கொள்வதில் தவறில்லை, ஆனால் டார்க் மோடில் கிடைத்த மிச்சம் அங்கேயே செலவாகிவிடுகிறது.

உங்கள் போனிலேயே இதைச் சோதிக்கலாம். ஃபிளைட் மோடு போடுங்கள், தானியங்கி வெளிச்சத்தை நிறுத்துங்கள், கோட்டை ஓரிடத்தில் வைத்து அதைத் தொடாதீர்கள். சார்ஜ் 80-க்கும் 40-க்கும் நடுவில் இருக்கும்போது தொடங்குவது நல்லது, 100-க்கு அருகிலும் அடியிலும் சதவீதக் கணக்கு நம்பும்படி இருக்காது. தூய வெள்ளைப் படத்தை ஒரு மணி நேரம் திரையில் வைத்து எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே நேரத்துக்குக் கறுப்புப் படம். எல்சிடி என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஓஎல்இடி என்றால் வெளிச்சம் கூடக் கூட இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் விரியும். வீடியோ பார்த்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. வீடியோவின் நிறங்களை டார்க் மோடு தொடுவதே இல்லை, கிரிக்கெட் மைதானம் பச்சையாகத்தான் எரியும்.

டார்க் மோடு அதிகம் மிச்சப்படுத்துவது முழு வெளிச்சத்தில். முழு வெளிச்சம் தேவைப்படுவது பெரும்பாலும் மதிய வெயிலில். வெயிலில் கறுப்புத் திரை கண்ணாடியாகி வானத்தையும் நம் முகத்தையும் பிரதிபலிக்கிறது, எழுத்தோ வழியோ சரியாகத் தெரிவதில்லை. பைக்கின் முன்னால் போனை மாட்டிக்கொண்டு மேப் பார்த்து ஓட்டுபவர் பகலில் டார்க் மோடு போட்டு, வழி தெரியாமல் குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது 6 சதவீத சார்ஜுக்குக் கொடுக்கத் தகுந்த விலை அல்ல. மேப்ஸில் மட்டும் Settings, Theme போய் பகலுக்கு வெளிர்த் தோற்றத்தை வைத்துக்கொண்டு, மற்ற ஆப்களை இருட்டாகவே விடலாம். எல்சிடி போன் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. நிழலுக்கு வந்ததும் வெளிச்சக் கோட்டை இடப்பக்கம் இழுத்துவிட்டால் அந்தத் திரையில் மிச்சம் பிடிக்க வேண்டியதைப் பிடித்துவிட்டார்.